வாடகை ஒப்பந்தம் எழுதுமுன்: வக்கீல், முத்திரைத்தாள், நோட்டரி – யாருக்கு என்ன வேலை?

சென்னையில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே போய் நின்றாலும் 'ரெண்டல் அக்ரிமென்ட், அஃபிடவிட், நோட்டரி' என்று எழுதிய பலகையோடு இரண்டு மூன்று கடைகளாவது இருக்கும். வீட்டுக்காரர் பெயர், குடிவருபவர் பெயர், வாடகை, அட்வான்ஸ் ஆகிய நான்கையும் சொன்னால் போதும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மாதிரிப் படிவத்தில் அவற்றை நிரப்பி, முத்திரைத்தாளில் அச்சடித்து, நோட்டரி முத்திரையும் வைத்து அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல்முறை வாடகைக்கு வீடு எடுக்கும் பெரும்பாலானோருக்கு ஒப்பந்தம் என்பது இந்த அரை மணி நேர வேலைதான். மூன்று தனித்தனி வேலைகள் ஒரே மேசையில் முடிந்துவிடுவதால், எது எதற்காக என்பதும், எதில் தவறு நடந்தால் என்ன இழப்பு என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

முத்திரைத்தாள் என்பது அரசுக்குச் செலுத்தும் வரி. அது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைச் சரியென்றோ தவறென்றோ சொல்வதில்லை. நோட்டரி, கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்றும், இன்ன தேதியில் தன் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்றும் சான்று தருகிறார். வாடகை நியாயமா, நிபந்தனை சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்ப்பது அவருடைய கடமை அல்ல. நாளை தகராறு வந்தால் இரு தரப்பும் எடுத்துப் படிக்கப்போகிற வாசகங்களை அமைப்பவர் வழக்கறிஞர். ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்று வரும்போது பெரும்பாலும் முதலில் விடப்படுவது அவர்தான். முதலில் வாசகம், அடுத்து வரிக் கணக்கு, அதன்பின் தாள், கடைசியில் கையெழுத்தும் நோட்டரியும் என்பதே சரியான வரிசை. தாளை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப வாசகத்தைச் சுருக்குவது தலைகீழான வேலை.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீடு, மாத வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 54,000 ரூபாய், காலம் 11 மாதம் என்று வைத்துக்கொள்வோம். பதினொரு மாதம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவைத் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்து எழுதுகிறார்கள். இதனால் சார்பதிவாளரிடம் போகும் கட்டாயம் நீங்குகிறதே தவிர, முத்திரை வரி கட்டும் கடமை நீங்குவதில்லை. இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை.

வக்கீலிடம் போகும்போது

எந்த வழக்கறிஞரிடம் போவது என்பதுதான் புதியவர்களின் முதல் திகைப்பு. இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் 36-ஆம் விதிப்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இணையதளங்கள் வழியாக வாடிக்கையாளர் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் கண்டித்திருக்கிறது. ஆகையால் பெரிய பலகையையும் இணையத்தில் காட்டும் நட்சத்திரங்களையும் வைத்துத் தேடுவது பயன் தராது. பாரிமுனையில் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு ஆகிய இடங்களில் வழக்கறிஞர் அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களைச் சுற்றியும் இருக்கின்றன. ஆனால் வாடகை ஒப்பந்தத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீடு இருக்கும் பகுதியிலேயே சிவில் வழக்குகளையும் வாடகை வழக்குகளையும் நடத்துபவர் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் கண்டுபிடிப்பதே நல்லது. குற்றவியல் வழக்குகளையே பெரிதும் நடத்துபவர் நல்ல வழக்கறிஞராகவே இருந்தாலும், அட்வான்ஸ் தகராறுகள் எந்தச் சொல்லில் போய் மாட்டிக்கொள்கின்றன என்பதை அன்றாடம் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அவர் உண்மையில் வழக்கறிஞர்தானா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் குழுமத்தில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண்ணும் ஆண்டும் உண்டு. அந்த எண்ணைத் தம்முடைய கடிதத்தாளிலும் முத்திரையிலும் பலர் அச்சிட்டே வைத்திருப்பார்கள். பத்திர எழுத்தர் என்பவர் வேறு. பத்திர நடையில் தேர்ந்தவர்களாக அவர்களில் பலர் இருந்தாலும், சட்ட ஆலோசனை தருவது அவர்கள் வேலை அல்ல. கட்டணத்தைப் பொறுத்தவரை, வரைவு எழுதுவதற்கு எவ்வளவு, ஒருமுறை திருத்தித் தருவது அதில் அடங்குமா, முத்திரைத்தாள் விலை அதில் சேர்ந்ததா தனியா என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். கட்டணம் கொடுக்க இயலாத நிலையில் இருப்பவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம்.

வக்கீலிடம் போகும்போது இரு தரப்பு அடையாள அட்டை நகல்களோடு, அந்த வீட்டின் சொத்து வரி ரசீது நகலையும் மின் இணைப்பு எண்ணையும் எடுத்துச் செல்ல வேண்டும். வாடகைக்கு விடுபவர் உண்மையிலேயே உரிமையாளரா என்பதை வாசகம் எழுதும் முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவை. வரி ரசீதில் ஒருவர் பெயர், கையெழுத்திட வருபவர் வேறொருவர் என்றால் அவர் எந்த அதிகாரத்தில் கையெழுத்திடுகிறார் என்று கேட்க வேண்டும். பவர் ஏஜென்ட் என்றால் பவர் பத்திரத்தின் நகல் வேண்டும். அண்ணன் தம்பிகளின் கூட்டுச் சொத்து என்றால் மற்றவர்கள் சம்மதம் வேண்டும். இந்தக் கேள்வியைக் கடைப் படிவம் ஒருபோதும் கேட்காது.

வாசகத்தின் தரம் எங்கே தெரியும் என்பதற்கு அட்வான்ஸ் நிபந்தனை ஒன்றைப் பார்த்தால் போதும். மாதிரிப் படிவங்களில் 'வீட்டைக் காலி செய்யும்போது மேற்படி முன்பணம் வாடகை பாக்கி, சேதாரம் போன்றவை போகத் திருப்பித் தரப்படும்' என்று இருக்கும். படிக்கும்போது இதில் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் காலி செய்யும்போது என்றால் அன்றைக்கா, அடுத்த குடித்தனம் வந்த பிறகா? சேதாரம் என்பதில் சுவரின் பழைய அழுக்கும் சேருமா? 'போன்றவை' என்பதற்குள் எதையெல்லாம் நுழைக்கலாம்? சென்னையில் அட்வான்ஸ் தகராறுகள் பல வெள்ளையடிக்கும் செலவைச் சுற்றித்தான் எழுகின்றன. அந்தச் சொல்லோ இந்த வாசகத்தில் இல்லவே இல்லை. அதே நிபந்தனையைக் கவனமுள்ள வழக்கறிஞர் ஏறத்தாழ இப்படி எழுதுவார்:

'முன்பணம் ரூ. 54,000 இன்ன தேதியில் வங்கிப் பரிமாற்றம் மூலம் உரிமையாளருக்குச் செலுத்தப்பட்டது. வாடகைதாரர் வீட்டின் சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், செலுத்தப்படாத வாடகை, மின் கட்டணம், இயல்பான தேய்மானம் நீங்கலாக ஏற்பட்ட சேதத்தை ரசீதுப்படி சரிசெய்த செலவு ஆகியவற்றை மட்டும் கழித்துக்கொண்டு, மீதித் தொகையை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிக்கும் செலவு உரிமையாளரைச் சார்ந்தது.'

வெள்ளையடிக்கும் செலவு குடியிருப்பவருடையது என்று இருவரும் ஒப்புக்கொண்டால் அப்படியே எழுதிக்கொள்ளலாம். எவ்வளவு என்ற உச்சவரம்பையும் சேர்த்து எழுதிவிட்டால் பின்னால் சிக்கல் இல்லை. ஒரு மாதம் என்ற கெடுவும் தன்னிச்சையானது அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் (சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம்) முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நகரத்தில், 'வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய' என்ற விலக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து மாதத் தொகையை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு சட்டம் மூன்று மாதம்தான் என்கிறதே என்று வாதிடுவது கடினம். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

வரைவு கைக்கு வந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படித்து, வாடகை கட்ட வேண்டிய தேதி, காலி செய்ய எத்தனை மாத அவகாசம் தர வேண்டும், குழாயும் மின்சாதனமும் பழுதானால் யார் பார்ப்பது, 11 மாதம் முடிந்தபின் வாடகை எவ்வளவு உயரும் என்ற நான்கு இடங்களில் மட்டுமாவது ஐயமில்லாமல் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கொள்ள முடிந்தால் திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம், அதற்காகத்தான் கட்டணம்.

எவ்வளவு மதிப்புள்ள தாள்?

பழக்கத்தில் வாடகை ஒப்பந்தங்கள் 20 ரூபாய்த் தாளிலும் பிறகு 100 ரூபாய்த் தாளிலும் எழுதப்பட்டு வந்தன. 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டில் பல ஆவணங்களின் வரி உயர்ந்தபோது, சாதாரண ஒப்பந்தத்துக்கும் அஃபிடவிட்டுக்கும் 20 ரூபாயாக இருந்தது 200 ரூபாய் ஆனது. இதைக் கேள்விப்பட்டு, வாடகைப் பத்திரத்துக்கும் 200 ரூபாய்த் தாள்தான் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வாடகைக்கு விடுவது குத்தகை என்ற தனி வகையில் வருகிறது. முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு, அந்தக் காலம் முழுவதற்குமான வாடகையையும் முன்பணத்தையும் கூட்டி வரும் தொகையில் 1 சதவீதம் முத்திரை வரி.

நம் எடுத்துக்காட்டில் 11 மாத வாடகை 1,98,000 ரூபாய். அதோடு 54,000 சேர்த்தால் 2,52,000. அதில் 1 சதவீதம் 2,520 ரூபாய். இந்த வீட்டுக்கு 200 ரூபாய்த் தாளில் எழுதினால் 2,320 ரூபாய் குறைகிறது. நாள்தோறும் இப்படித்தான் எழுதுகிறார்கள்; வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சுமுகமாக இருக்கும்வரை யாரும் கேட்பதும் இல்லை. தகராறு என்று நீதிமன்றத்தில் அந்தப் பத்திரத்தை நீட்டும் நாளில்தான் குறை வெளியே வருகிறது. இந்திய முத்திரைச் சட்டம் 1899-இன் 35-ஆம் பிரிவுப்படி, வரி குறைவாகச் செலுத்திய ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது. குறைந்த வரியையும் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினால்தான் அது கணக்கில் வரும். அதாவது இங்கே 2,320 ரூபாயை மிச்சப்படுத்தியவர், 54,000 ரூபாயைத் திரும்பப் பெறும் வழக்கில் 23,200 ரூபாய் வரை அபராதத்தைச் சந்திக்க நேரிடலாம். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது குத்தகையின் முத்திரை வரியைச் செலுத்த வேண்டியவர் குடிவருபவரே என்று அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. பாதிப் பாதி என்று பேசி எழுதிக்கொள்வதற்கும் தடை இல்லை. இந்தக் கணக்கை வழக்கறிஞர் போட்டுத் தர வேண்டும். 'எல்லாரும் நூறு ரூபாய்த் தாளில்தான் எழுதுகிறார்கள்' என்ற பதிலோடு அவர் நிறுத்திக்கொண்டால், குறைந்தபட்சம் அதன் விளைவையாவது சொல்லும்படி கேளுங்கள்.

தாள் வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உரிமம் பெற்ற முத்திரைத்தாள் விற்பனையாளர். அவர் தாளில் வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை எழுதித் தம் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, அதையே தம் பதிவேட்டிலும் பதிய வேண்டும். அச்சிட்ட மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்க அவருக்கு உரிமை இல்லை. இரண்டாவது, ஸ்டாக் ஹோல்டிங் கார்ப்பரேஷன் வழியாக வழங்கப்படும் மின்முத்திரைச் சான்று. 2,520 ரூபாய் போன்ற தொகைக்கு இதுவே வசதி. ஐந்தாறு தாள்களை ஒட்டுப் போடாமல், சரியான தொகைக்கு ஒரே சான்றாக வாங்கிவிடலாம். அதில் இரு தரப்புப் பெயர்களும், ஆவணத்தின் வகையும், தொகையும், IN-TN என்று தொடங்கும் ஒரு சான்று எண்ணும் இருக்கும். அந்த எண்ணை shcilestamp.com தளத்தில் கொடுத்து உண்மைத்தன்மையைச் சரிபார்க்கலாம். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியில் வாங்கினாலும் தேதியை முதலில் பாருங்கள். வரி, கையெழுத்துக்கு முன்போ கையெழுத்திடும் வேளையிலோ செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஜூன் 10 அன்று விற்ற தாளில் ஜூன் 1 என்று தேதியிட்ட ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பத்திரம் தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுக்கிறது. முன்தேதியிட்டு எழுதித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. அதற்கு மாறாக, பழைய தாள் செல்லாது என்ற அச்சம் தேவையில்லை. பயன்படுத்தாத தாளை அரசிடம் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற ஆறு மாதக் கெடு இருக்கிறது. அதைத்தான் தாளின் ஆயுள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 1973-லும் 1978-லும் வாங்கிய இரண்டு தாள்களில் 1980-ல் எழுதப்பட்ட ஒரு தமிழ்நாட்டு ஒப்பந்தத்தைப் பற்றிய வழக்கில், தாள் பழையது என்பதால் மட்டுமே ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவுபடுத்தியது. ஆனாலும், வெவ்வேறு காலத்துத் தாள்கள் ஐயத்துக்கு ஒரு காரணமாகலாம் என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. புதிதாக எழுதும்போது, சம்பந்தப்பட்டவர் பெயரிலேயே புதிதாக வாங்கிய தாளே போதுமான பாதுகாப்பு.

நோட்டரி

வாடகை ஒப்பந்தத்துக்கு நோட்டரி கட்டாயம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட பத்திரம் நோட்டரி முத்திரை இல்லாமலே செல்லும். முகவரிச் சான்றாகக் காட்டும்போது சில அலுவலகங்கள் நோட்டரி முத்திரையை எதிர்பார்ப்பதாலும், 'இது என் கையெழுத்தே இல்லை' என்று பிற்காலத்தில் மறுப்பதைக் கடினமாக்குவதாலும்தான் அது பயன்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது.

நோட்டரியாக அரசு நியமிப்பது பெரும்பாலும் வழக்கறிஞர்களைத்தான். பொதுவாகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும். சான்றிதழ் ஐந்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். முத்திரை வட்ட வடிவில், அவர் பெயர், அதிகார எல்லை, பதிவு எண், நோட்டரி என்ற சொல் ஆகியவற்றோடு தெளிவாக இருக்க வேண்டும். கட்டண விகிதத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசினால் கட்டணத்தில் தகராறு வராது.

நல்ல நோட்டரியை அடையாளம் காண்பது எளிது. அவர் இருவரையும் நேரில் வரச்சொல்வார்; அசல் அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிடுவார்; தம் கண்முன் கையெழுத்திடச் சொல்வார்; பின்பு தம் பதிவேட்டில் விவரத்தை எழுதி அதிலும் கையெழுத்து வாங்கி, அந்த வரிசை எண்ணைப் பத்திரத்திலும் குறிப்பார். வீட்டுக்காரர் வர வேண்டியதில்லை, ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சோடு முத்திரை வைக்கப்பட்டால், அந்த முத்திரைக்கு இருக்க வேண்டிய ஒரே மதிப்பும் போய்விடுகிறது. பதிவேட்டு எண்ணும் தேதியும் இல்லாத முத்திரை, நாளை நோட்டரியையே சாட்சிக்கு அழைத்தாலும் எதையும் நிரூபிக்காது. கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பக்கத்திலும் காலியிடம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கோடு போட்டு அடைத்துவிட்டு, எல்லாப் பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். திருத்தம் இருந்தால் அதன் அருகிலும் கையெழுத்து வேண்டும்.

பத்திரம் முடிந்த பின் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைகளில் பெரும்பாலும் யாரும் நினைவூட்டுவதில்லை. மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தை 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இது சார்பதிவாளரிடம் செய்யும் பதிவு அல்ல, tenancy.tn.gov.in தளத்தில் உரிமையாளரோ வாடகைதாரரோ விண்ணப்பித்து ஒப்பந்தத்தைப் பதிவேற்றினால், ஒரு பதிவு எண் கிடைக்கும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். வீட்டுக்காரர் செய்வார் என்று காத்திருக்காமல் குடிவருபவரே செய்துவிடலாம். அசல் யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டு, மற்றவர் தெளிவான நகலொன்றையும், அட்வான்ஸ் அனுப்பிய வங்கிப் பதிவையும், இந்தப் பதிவு எண்ணையும் ஒரே உறையில் வைத்திருக்க வேண்டும்.